ட்ரேடிங் ஜர்னல்: 23 கட்டம் வைத்திருந்தேன், எதை வைப்பது, எதைத் தூக்குவது?

மூன்றரைமணி | 15 நவம்பர் 2025, சனி, காலை 10:40

இன்ட்ராடே மட்டும், கேஷ் பங்குகள் மட்டும். கணக்கில் 4 லட்சம். ஒரு ட்ரேடில் 2,000 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது என்று வைத்திருக்கிறேன். செட்டப் இரண்டுதான். முதல் 15 நிமிட ரேஞ்சை உடைத்தால் வாங்குவது ஒன்று, விவாப்புக்குத் திரும்பி வந்தால் வாங்குவது இன்னொன்று.

ஜர்னல் எழுத மூன்றாவது முறையாக உட்காருகிறேன். போன தடவை கூகுள் ஷீட்டில் 23 கட்டம். நிஃப்டி போக்கு, விக்ஸ், செய்தி, முந்தைய இரவு எத்தனை மணி நேரம் தூங்கினேன், மனநிலை பத்துக்கு எத்தனை, சார்ட் படம், பாடம் என்ன... மூன்றாவது வாரம் புதன்கிழமை நிறுத்தினேன். அதற்கு முன் ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது, அது இப்போது பால் கணக்குக்குப் போய்விட்டது.

எந்தக் கட்டங்கள் உண்மையிலேயே பயன்படுகின்றன? அதைவிட முக்கியம், சனிக்கிழமை உட்கார்ந்து அதை வைத்து என்னதான் செய்கிறீர்கள்? நான் பச்சை எத்தனை, சிவப்பு எத்தனை என்று பார்ப்பேன், பெருமூச்சு விடுவேன், மூடிவிடுவேன்.

பழையதரகர் | 15 நவம்பர், காலை 11:25

கட்டங்களைப் பிறகு பார்க்கலாம். ஒரே ஒரு கேள்வி. ஸ்டாப் எழுதும் கட்டம் இருக்கிறதல்லவா? ட்ரேடு நடுவில் ஸ்டாப்பை நகர்த்தினால் அந்தக் கட்டத்தில் என்ன எழுதுகிறீர்கள்?

மூன்றரைமணி | 15 நவம்பர், காலை 11:52

புது ஸ்டாப்பை எழுதுவேன் சார். பழையதை அழித்துவிட்டு.

எழுதி அனுப்பிய பிறகுதான் உறைத்தது. இந்த வாரம் செவ்வாய் எடுத்த ட்ரேடையே பார்க்கிறேன். 412க்கு 250 பங்கு வாங்கினேன். ஸ்டாப் 404. எட்டு ரூபாய் தூரம், 250 பங்கு, சரியாக 2,000. கீழே வந்தபோது 401க்குத் தள்ளினேன், பிறகு 399.50. அங்கேதான் அடித்தது. ஷீட்டில் ஸ்டாப் 399.50, வெளியேறியது 399.50. அதாவது "ஸ்டாப்பை மதித்து வெளியேறினேன்". என் ஷீட்டின்படி நான் யோக்கியன். கையை விட்டுப் போனதோ 3,125 ரூபாய்.

காரணம் என்ற கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறேன் தெரியுமா? "ட்ரெயில்". கீழ்ப்பக்கமாக ட்ரெயில் செய்த முதல் ஆள் நானாகத்தான் இருக்கும்.

பழையதரகர் | 15 நவம்பர், மதியம் 12:30

முதல் ஆள் இல்லை, கவலைப்படாதீர்கள். சப் ப்ரோக்கர் ஆபீசில் இருந்த காலத்தில் தினம் பார்த்த காட்சி.

முதல் ஸ்டாப்பை ஆர்டர் போடும் முன் எழுதுங்கள். பிறகு அந்தக் கட்டத்தைத் தொடவே கூடாது. ஷீட்டில் பூட்டுப் போட வசதி இருக்கிறது, போடுங்கள். நகர்த்திய ஸ்டாப்பை எழுத ஆசையாக இருந்தால் வேறு கட்டத்தில் எழுதுங்கள். அந்த முதல் தூரத்தைத்தான் 1 ஆர் என்கிறோம். லாபமோ நஷ்டமோ எல்லாவற்றையும் அதனால் வகுத்துப் பார்க்க வேண்டும். உங்கள் செவ்வாய் ட்ரேடு மைனஸ் 1 இல்லை, மைனஸ் 1.56.

E வாங்கிய விலை, F முதல் ஸ்டாப், G விற்ற விலை என்றால்:

```
=(G2-E2)/(E2-F2)
```

காளையும்கரடியும் | 15 நவம்பர், மதியம் 1:10

ப்ரோ, இது வாங்கி விற்பதற்கு மட்டும்தான் சரி. ஷார்ட் போனால் தலைகீழாக வரும், அதற்குத் தனி ஃபார்முலா போட்டு IF வைக்க வேண்டும்.

இன்னொன்று, இதையெல்லாம் கையால் எதற்கு அடிக்கிறீர்கள்? ப்ரோக்கர் தளத்தில் ட்ரேட்புக் சிஎஸ்வி இறக்கினால் விலை, நேரம், எண்ணிக்கை எல்லாம் வந்துவிடும். நான் எழுதுவதே இல்லை, அதை ஒட்டுவதோடு சரி.

மதுரைமீனா | 15 நவம்பர், மதியம் 1:45

IF வேண்டாம். 100க்கு ஷார்ட், ஸ்டாப் 104, கவர் 95 என்று வையுங்கள். மேலே மைனஸ் 5, கீழே மைனஸ் 4. வகுத்தால் பிளஸ் 1.25. ஷார்ட்டில் மேலும் கீழும் சேர்ந்து குறி மாறுவதால் அதே ஃபார்முலா போதும்.

சிஎஸ்வி விஷயத்தில் நீங்கள் சொல்வது பாதி சரி. விலையும் நேரமும் அதில் இருக்கும். முதல் ஸ்டாப் எங்கே இருந்தது, எந்த செட்டப் என்று எடுத்தீர்கள், இந்த இரண்டும் அதில் இருக்காது. ப்ரோக்கருக்குத் தெரியாத அந்த இரண்டைத்தான் நாம் கையால் எழுத வேண்டும்.

காளையும்கரடியும் | 15 நவம்பர், மதியம் 1:52

95 போட்டுப் பார்த்தேன். சரிதான் அக்கா. ஒரு வருடமாக IF வைத்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஆடிட்டர்மாமா | 15 நவம்பர், மதியம் 3:05

இன்ட்ராடே என்றால் ஊக வணிக வருமானம். நஷ்டம் வந்தால் நான்கு வருடம் வரை எடுத்துச் செல்லலாம், ஆனால் ஊக வணிக லாபத்தில்தான் கழிக்க முடியும், ரிட்டர்னும் கெடுவுக்குள் போட்டிருக்க வேண்டும். இதற்குக் காண்ட்ராக்ட் நோட்டும் ப்ரோக்கர் தரும் டாக்ஸ் பி அண்ட் எல்லும் போதும். தனியாக ஜர்னல் எழுதித் தர வேண்டிய அவசியமே இல்லை. எழுதுவதாக இருந்தால் ஒன்று பார்த்துக்கொள்ளுங்கள், லெட்ஜரோடு டேலி ஆக வேண்டும்.

மூன்றரைமணி | 15 நவம்பர், மதியம் 3:20

மாமா, நான் கேட்டது அந்த ஜர்னல் இல்லை. வரிக்கு இல்லை, எனக்கு நானே எழுதிக்கொள்வது. ஆனாலும் நன்றி, கெடு விஷயம் தெரியாது.

மூன்றரைமணி | 15 நவம்பர், மாலை 6:35

மாமா சொன்ன "டேலி" மண்டையில் சுற்றிக்கொண்டே இருந்தது. சும்மா பார்ப்போமே என்று லெட்ஜரைத் திறந்தேன்.

இந்த வாரம் ஷீட்டில் 9 ட்ரேடு. வரிசையாக ஆர் கணக்கில் +1.8, −1, −1.56, +0.6, −1, +2.1, −1.9, +0.4, −1. கூட்டினால் −1.56. ரூபாயில் சுமார் 3,120 நஷ்டம். லெட்ஜரில் பத்தாம் தேதி முதல் பதினான்கு வரை குறைந்திருப்பது 8,400.

ஐயாயிரத்துச் சொச்சம் எங்கே போயிற்று?

ப்ரோக்கரேஜ், எஸ்டிடி, ஜிஎஸ்டி, முத்திரை எல்லாம் சேர்த்து 880. ஒரு ட்ரேடுக்கு 80 ரூபாய் வீதம் வருகிறது. 880ஐ 80ஆல் வகுத்தால் 11. என்னிடம் இருப்பதோ 9. ட்ரேட்புக்கை இறக்கினேன். (ஒரே ஆர்டர் ஐந்தாறு துண்டாக நிறைவேறியிருக்கும், வரிகளை எண்ணிப் பயனில்லை, `order_id` வைத்துத்தான் எண்ண வேண்டும்.) வியாழக்கிழமை இரண்டு ட்ரேடு ஜர்னலில் இல்லை. −1.2, −1. மொத்தம் 4,400.

மறந்துபோனது என்று எழுதத்தான் வந்தேன். மறக்கவில்லை. −1.9 அடித்த ட்ரேடு முடிந்து 12 நிமிடத்துக்குள் இரண்டும் எடுத்தது. செட்டப் என்ற கட்டத்தில் எழுத எதுவும் இல்லாததால் எழுதவில்லை. அவ்வளவுதான்.

மாமாவுக்கு ஒரு காபி கடன்.

ஆடிட்டர்மாமா | 15 நவம்பர், இரவு 7:10

டிகிரி காபி.

மதுரைமீனா | 15 நவம்பர், இரவு 8:40

அந்த 12 நிமிடத்தைக் கவனியுங்கள். நானும் இரண்டு வருடம் மனநிலைக் கட்டம் வைத்திருந்தேன். திரும்பிப் பார்த்தால் முக்கால்வாசி நாள் 7 என்று இருந்தது. அப்பா ஆஸ்பத்திரியில் இருந்த வாரமும் 7. கோபத்தில் இருப்பவர் தனக்கு மதிப்பெண் போடும்போது கோபத்தைக் கழித்துவிட்டுத்தான் போடுவார் போலிருக்கிறது.

இப்போது நுழைந்த நேரமும் வெளியேறிய நேரமும் மட்டும்தான். முந்தைய ட்ரேடு நஷ்டத்தில் முடிந்து எத்தனை நிமிடத்தில் அடுத்தது எடுத்தேன் என்று ஷீட்டே கழித்துச் சொல்லிவிடும். என் கணக்கில் 15 நிமிடத்துக்குள் எடுத்தவை தனிக் கூட்டம். அந்தக் கூட்டத்தின் சராசரி பிளஸ்ஸில் வந்த மாதம் ஒன்றுகூட இல்லை. உங்களுக்கும் 15தான் என்று சொல்லவில்லை, உங்கள் எண் வேறாக இருக்கலாம்.

காளையும்கரடியும் | 15 நவம்பர், இரவு 9:15

2022-23இல் கேஷ் இன்ட்ராடே செய்த தனிநபர்களில் 10க்கு 7 பேர் நஷ்டம் என்று செபியே சொல்லியிருக்கிறது. அந்த ஏழு பேரும் மனநிலை 7 போட்டவர்களாக இருக்கும்.

மூன்றரைமணி | 16 நவம்பர், ஞாயிறு, காலை 9:05

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். கொஞ்சம் நீளும்.

வியாழன் −1.9 ட்ரேடு. காரணம் கட்டத்தில் "ஸ்டாப்பை எடுத்துவிட்டேன், ஒழுக்கம் இல்லை" என்று இருக்கிறது. எழுதியது வெள்ளி இரவு. ஷீட்டில் இன்னும் பெரியதாக, "இனி ஸ்டாப்பைத் தொடவே மாட்டேன்" என்றும் சிவப்பில் போட்டிருந்தேன்.

இன்று காலை போனில் படங்களை அழிக்கும்போது வியாழன் மதியம் எடுத்த ஸ்க்ரீன்ஷாட் கிடைத்தது. ஆர்டர் புக். 268க்கு 500 பங்கு, ஸ்டாப் டிரிக்கர் 264, லிமிட் 263.80. டிரிக்கர் ஆகியிருக்கிறது. நிலை `OPEN`. அதாவது ஸ்டாப் அங்கேதான் இருந்தது, நான் எடுக்கவில்லை. ஒரே மெழுகுவர்த்தியில் விலை 263.80ஐத் தாண்டிக் கீழே போய்விட்டது, என் விற்பனை ஆர்டர் மேலே தொங்கிக்கொண்டு நின்றது. நான் வெளியேறிவிட்டேன் என்று நினைத்து டீ குடிக்கப் போயிருக்கிறேன். வந்து பார்த்து 260.40க்கு விற்றேன்.

ஒரு நாள் தள்ளி எழுதியதில் இது அப்படியே மாறிவிட்டது. செவ்வாய் நானே செய்த தவறுக்கு "ட்ரெயில்" என்று பேர் வைத்தேன். வியாழன் ஆர்டர் செய்த தவறுக்கு என்னைத் திட்டிக்கொண்டேன். ஸ்க்ரீன்ஷாட் இல்லை என்றால் அடுத்த வாரம் முழுக்க ஒழுக்கம் ஒழுக்கம் என்று சொல்லிக்கொண்டு அதே 20 பைசா இடைவெளியில் ஆர்டர் போட்டுக்கொண்டிருந்திருப்பேன்.

என் ப்ரோக்கர் ஆப்பில் ஆர்டர் புக் அன்றைக்கு மட்டும்தான் தெரியும். மறுநாள் நிறைவேறியவை மட்டும்தான் மிஞ்சும், எதை எப்போது நகர்த்தினோம் என்பது போய்விடும். ஆகவே 3:30க்கு ஒரு ஸ்க்ரீன்ஷாட், காரணம் அன்றே ஒரு வரி. இது இரண்டும் உறுதி.

பழையதரகர் | 16 நவம்பர், காலை 10:20

நல்ல கண்டுபிடிப்பு. 20 பைசா இடைவெளி ரொம்பச் சின்னது. உங்கள் ஸ்டாப் தூரம் 4 ரூபாய், லிமிட்டை 263இல் வைத்திருந்தால் நிறைவேறியிருக்க வாய்ப்பு அதிகம், அதிகபட்ச அடி 1.25 ஆர். இடைவெளியை ஆர் கணக்கில் முடிவு செய்யுங்கள், எல்லாப் பங்குக்கும் ஒரே பைசா வைக்காதீர்கள். அதையும் தாண்டி விழுந்தால் லிமிட் ஆர்டர் ஒன்றும் செய்யாது, அது வேறு கதை.

காரணத்துக்கு நீளமாக எழுத வேண்டாம். 1 ஆருக்கு மேல் போன நஷ்டத்துக்கு மட்டும் மூன்றில் ஒன்று: நகர்த்தினேன், நிறைவேறவில்லை, விலை தாண்டிக் குதித்தது. முதலாவதற்கு மருந்து உங்களிடம். இரண்டாவதற்கு மருந்து ஆர்டரில். மூன்றாவதற்கு மருந்து அளவைக் குறைப்பது. மூன்றும் ஒரே சிவப்பு நிறத்தில் தெரிவதால்தான் வருடக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்கிறோம்.

உங்கள் 9 ட்ரேடில் ஐந்து நஷ்டமும் மைனஸ் 1 ஆகவே நின்றிருந்தால் வாரம் −0.1. ஏறக்குறைய சமம். செட்டப் நல்லதா கெட்டதா என்று இதில் தெரியாது, ஆனால் ஓட்டை எங்கே என்று தெரிகிறது.

ஸ்ட்ராங்கிள்சிவா | 16 நவம்பர், மதியம் 12:15

எனக்கு இதெல்லாம் ஒத்துவராது. நான் நிஃப்டி ஆப்ஷன் விற்பவன். ஸ்டாப் என்ற ஒன்றே கிடையாது, அட்ஜஸ்ட் செய்துகொண்டே போவேன். எனக்கு 1 ஆர் என்றால் என்ன?

மதுரைமீனா | 16 நவம்பர், மதியம் 12:50

தனி லெக் என்றால் சுலபம் சிவா சார். 120க்கு விற்று 180 வந்தால் வெளியே என்று வைத்தால் 60 ரூபாய் தூரம், அதை லாட் அளவால் பெருக்குங்கள். அதுதான் 1 ஆர். மேலே உள்ள ஃபார்முலாவே வேலை செய்யும், 60க்குத் திரும்ப வாங்கினால் பிளஸ் 1 என்று வரும்.

ஸ்ட்ராங்கிள்சிவா | 16 நவம்பர், மதியம் 1:30

இரண்டு லெக், நடுவில் ஒன்றை உருட்டி மேலே கொண்டு போகிறேன், ராத்திரி வைத்துக்கொண்டு தூங்குகிறேன். காலையில் கேப்பில் திறந்தால் உங்கள் 1 ஆர் எங்கே இருக்கும்?

பழையதரகர் | 16 நவம்பர், மதியம் 2:10

நியாயமான கேள்வி. மொத்த ப்ரீமியத்துக்கு ஒரு எண் வைப்பவர்கள் உண்டு, மார்ஜினில் இத்தனை சதவீதம் என்று வைப்பவர்களும் உண்டு. உருட்டும்போது புது ட்ரேடா பழைய ட்ரேடா என்பதில் எனக்கே ஒரு முடிவு கிடையாது. ஆனால் நுழையும் முன் எழுத ஒரு எண்கூட உங்களிடம் இல்லை என்றால் அதையாவது ஜர்னலில் எழுதி வையுங்கள்.

மூன்றரைமணி | 22 நவம்பர், சனி, காலை 11:15

இந்த வாரம் செய்ததை எழுதுகிறேன்.

கட்டங்கள் இப்போது 10. தேதி, நுழைந்த நேரம், வெளியேறிய நேரம், செட்டப், எண்ணிக்கை, வாங்கிய விலை, முதல் ஸ்டாப், விற்ற விலை, செலவு, காரணம். ஆர் தானாக வருகிறது. செட்டப் கட்டத்தில் மூன்றாவதாக "எதுவுமில்லை" என்று ஒரு தேர்வு சேர்த்தேன். எழுத இடம் இருந்தால் மறைக்கத் தோன்றாது என்ற நம்பிக்கை.

காலையில் 35 நிமிடம் ஆனது. முதலில் லெட்ஜர் டேலி, ஐந்து நிமிடம். பிறகு 1 ஆருக்கு மேல் போன நஷ்டங்களை மட்டும் எடுத்து ஸ்க்ரீன்ஷாட்டோடு ஒப்பிடுவது. பிறகு நஷ்டத்துக்குப் பின் 15 நிமிடத்துக்குள் எடுத்தவை. கடைசியில் அடுத்த வாரத்துக்கு ஒரே ஒரு மாற்றம் எழுதுவது. போன வாரம் எழுதியது "லிமிட் இடைவெளி கால் ஆர்".

7 ட்ரேடு, எதுவும் விடுபடவில்லை. −1, −1, +2, −1, +0.5, −1.15, −1. அந்த 1.15 லிமிட் இடைவெளிக்குள் நிறைவேறியது. எதையும் நகர்த்தவில்லை. "எதுவுமில்லை" ட்ரேடு இல்லை. எல்லாம் சுத்தம்.

கூட்டினால் −2.65. செலவுக்கு முன்பே 5,300 ரூபாய். ஒழுங்காக இருந்ததற்கு இதுவா கூலி? ரேஞ்ச் உடைப்பை நிறுத்திவிடலாமா என்று யோசிக்கிறேன், ஐந்து நஷ்டத்தில் நாலு அதுதான்.

பழையதரகர் | 22 நவம்பர், மதியம் 12:05

நிறுத்தாதீர்கள், தொடருங்கள் என்றும் சொல்லவில்லை. போன வாரம் 11, இந்த வாரம் 7, மொத்தம் 18. அதிலும் செட்டப் பேரில் எடுத்தவை 16தான். 10க்கு 4 ஜெயிக்கும் செட்டப்பில் எந்த ஐந்து ட்ரேடை எடுத்தாலும் ஐந்தும் தோற்க 100க்கு கிட்டத்தட்ட 8 வாய்ப்பு. அப்படி ஒரு வாரம் வராமல் ஒரு வருடம் ஓடாது.

சனிக்கிழமை கேட்க வேண்டியது நான் சொன்னபடி செய்தேனா என்பதை மட்டும்தான். செட்டப் பற்றிய தீர்ப்பை ஒரு செட்டப்புக்கு ஐம்பது அறுபது ட்ரேடு சேர்ந்த பிறகு பாருங்கள். அப்போது இது போதும்:

```
=QUERY(A2:K,"select D, count(K), avg(K) where D is not null group by D",0)
```

D செட்டப், K செலவு கழித்த ஆர் என்று வைத்துக்கொண்டு. செலவைக் கழிக்க மறக்காதீர்கள். 2,000 ரிஸ்க்கில் 80 ரூபாய் என்பது 0.04 ஆர், கண்ணில் படாது. ஸ்டாப்பை நெருக்கமாக வைத்து ரிஸ்க்கை 500 ஆக்கி அதே 250 பங்கு வாங்கினால் அதே 80 ரூபாய் 0.16 ஆர். உங்கள் விளிம்பே அவ்வளவுதான் இருக்கும்.

காளையும்கரடியும் | 22 நவம்பர், மதியம் 12:40

அந்த +0.5 என்ன ப்ரோ, டார்கெட் 2 தானே?

மூன்றரைமணி | 22 நவம்பர், மதியம் 12:48

பாதியை 1 ஆரில் விற்றேன், மீதி வாங்கின விலைக்கே வந்துவிட்டது.

காளையும்கரடியும் | 22 நவம்பர், மதியம் 12:55

அப்போது அது இரண்டு ட்ரேடு. ஒன்று பிளஸ் 1, ஒன்று பூஜ்யம். இரண்டு வரியாகப் போடுங்கள், வின் ரேட்டும் நன்றாகத் தெரியும்.

மதுரைமீனா | 22 நவம்பர், மதியம் 1:20

வின் ரேட் நன்றாகத் தெரிய வேண்டும் என்பதற்காகவா தம்பி? ஒரு முடிவில் நுழைந்தது ஒரு வரி. விற்ற விலையில் சராசரி போடுங்கள். இல்லாவிட்டால் பாதிபாதியாக விற்ற நாட்களுக்கு மட்டும் இரண்டு ஓட்டு கிடைக்கும்.

ஆனால் பாதியில் விற்பது உங்களுக்கு லாபமா என்று பார்க்க ஒரு கட்டம் வேண்டும்தான். முழுதும் டார்கெட் வரை வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று. நான் அதை மூன்று மாதம் எழுதினேன், பிறகு அதைப் பார்த்துப் பார்த்து வெளியேறவே பயம் வந்துவிட்டது, தூக்கிவிட்டேன்.

பழையதரகர் | 22 நவம்பர், மதியம் 1:45

அதை நான் தூக்கச் சொல்ல மாட்டேன். மாதம் ஒருமுறை சார்ட்டைப் பார்த்து மொத்தமாக நிரப்பலாம், தினம் பார்க்காமல்.

மதுரைமீனா | 22 நவம்பர், மதியம் 1:50

மாதம் ஒருமுறை நிரப்பினால் ஞாபகத்தில் இருந்து எழுதுவதாக ஆகாதா? முந்தின பக்கத்தில் அது வேண்டாம் என்றுதானே பேசினோம்.

பழையதரகர் | 22 நவம்பர், மதியம் 2:30

சார்ட்டுக்கு ஞாபக மறதி கிடையாது. நமக்குத்தான்.

மூன்றரைமணி | 29 நவம்பர், சனி, காலை 10:10

மூன்றாவது வாரம். 8 ட்ரேடு, +1.3. லெட்ஜர் டேலி.

"எதுவுமில்லை" கட்டம் ஒருமுறை நிரம்பியது. புதன் 1:50க்கு ஒரு நஷ்டம், 1:56க்கு அடுத்தது, அதுவும் −1. ஆனால் எழுதினேன். அடுத்த வார மாற்றம்: நஷ்டத்துக்குப் பின் 15 நிமிடம் போன் சமையலறை மேடையில்.

ஒரு புதுச் சந்தேகம். செவ்வாய் ரேஞ்ச் உடைப்பு ஒன்று தெளிவாக வந்தது, பயத்தில் எடுக்கவில்லை, 2 ஆர் போனது. எடுக்காத ட்ரேடை எழுதுவதா? எழுத ஆரம்பித்தால் மறுபடி 23 கட்டம் ஆகிவிடும் என்று தோன்றுகிறது.

ஆடிட்டர்மாமா | 29 நவம்பர், காலை 10:45

எடுக்காததற்கு வரி இல்லை.

ஸ்ட்ராங்கிள்சிவா | 29 நவம்பர், காலை 11:30

மொத்த ப்ரீமியத்துக்கு ஒரு எண் எழுதி வைத்தேன், இரண்டு வாரம். வியாழன் உருட்டும்போது அந்த எண்ணையும் அழித்துப் புதிதாக எழுதினேன். இப்போதுதான் கவனிக்கிறேன்.